ஆட்டம் நின்றால் ஆறிவிட்டதா?

நெஞ்சுநோய் வார்டில் காலை ரவுண்ட்ஸ் போகும்போது வாரத்துக்கு இரண்டு தடவையாவது இந்த வாசகம் காதில் விழும்: "காலம் மூவ்மென்ட் இல்ல சார், பபிளிங்கும் இல்ல. ஐ.சி.டி.யை எடுத்துடலாமா?" கேட்பவர் பெரும்பாலும் ஹவுஸ் சர்ஜன். குரலில் ஒரு நிம்மதி இருக்கும். ஒரு குழாய் குறைந்தால் ஒரு டிரெஸ்ஸிங் குறையும், ஒரு அளவெடுப்பு குறையும், ஒரு படுக்கை காலியாகும். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நாங்கள்தான் அவருக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தோம்.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. நுரையீரலுக்கும் நெஞ்சுக்கூட்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் காற்றோ நீரோ சீழோ ரத்தமோ சேர்ந்துவிட்டால், விலா இடுக்கு வழியாக ஒரு குழாயைச் செருகி, அதன் மறுமுனையைத் தரையில் இருக்கும் பாட்டில் தண்ணீரில் மூழ்கவிடுவார்கள். அதைத்தான் வார்டில் ஐ.சி.டி. என்கிறோம். மூச்சுக்கு ஏற்றபடி பாட்டிலுக்குள் இருக்கும் குச்சிக்குழலில் தண்ணீர் ஏறி இறங்கும். அந்த ஆட்டம்தான் 'காலம் மூவ்மென்ட்'. காற்று வெளியேறினால் தண்ணீரில் குமிழ் விடும், அது 'பபிளிங்'.

நான் மறுக்க வந்த கருத்து இதுதான்: ஆட்டமும் குமிழும் நின்றுவிட்டால் நுரையீரல் விரிந்துவிட்டது, ஓட்டை அடைந்துவிட்டது, குழாயை எடுத்துவிடலாம். இதற்குப் பாடப்புத்தக ஆதாரம் இல்லாமல் இல்லை. நுரையீரல் முழுசாக விரிந்து நெஞ்சுச்சுவரோடு ஒட்டிக்கொண்டால் குழாயின் கண்கள் மூடிக்கொள்ளும், ஆட்டம் குறையும், சிலருக்கு நின்றே போகும். உண்மைதான். ஆனால் மழை பெய்தால் முற்றம் நனையும் என்பதற்காக, நனைந்த முற்றத்தைப் பார்த்ததும் மழை பெய்தது என்று சொல்லிவிட முடியுமா? யாராவது தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருக்கலாம். விரிந்த நுரையீரல் பாட்டிலை அமைதியாக்கும். மடங்கிப்போன குழாயும் அப்படித்தான் அமைதியாக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒரே காட்சி.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பி.ஜி. முதல் வருஷத்தில், கொங்குப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில், விசைத்தறியில் வேலை பார்த்த 32 வயது இளைஞர் ஒருவரிடம் கற்றுக்கொண்டேன். காசநோய் மருந்து ஆரம்பித்து இரண்டாம் மாசம். வலது பக்க நுரையீரலில் ஓட்டை விழுந்து காற்று கசிந்து, மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். அக்குளுக்குக் கீழே ஐந்தாவது விலா இடைவெளியில் 28 பிரெஞ்சு அளவுள்ள குழாய் போட்டோம். (இப்போது காற்றுக்கு மட்டும் என்றால் இதில் பாதி அளவுள்ள மெல்லிய குழாயே போதும் என்கிறார்கள். அன்று எங்கள் அலமாரியில் இருந்தது 28தான்.) முதல் நாள் உலை கொதிப்பதுபோலக் குமிழ் விட்டது. மூன்றாம் நாள் இருமினால் மட்டும் குமிழ். சாதாரண மூச்சுக்கு ஆட்டம் ஐந்தாறு சென்டிமீட்டர். ஐந்தாம் நாள் காலை பாட்டிலில் ஒன்றுமே இல்லை. ஆட்டமும் இல்லை, குமிழும் இல்லை.

நான் மூன்று விநாடி பார்த்திருப்பேன். கேஸ் ஷீட்டில் எழுதினேன்: அசைவு இல்லை, காற்றுக் கசிவு இல்லை, எக்ஸ்-ரே எடுத்துவிட்டுக் குழாயை எடுக்கலாம். அப்போது அவர், "ராத்திரில இருந்து நெஞ்சுல ஒரு மாதிரி அமுக்குதுங்க சார்" என்றார். குழாய் போட்ட இடத்தில் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனேன். எக்ஸ்-ரேவுக்குக் கீழ்த்தளம் போக வேண்டும். வழியில் பாட்டில் கவிழ்ந்துவிட்டால்? பாதுகாப்புக்கு ஒரு ஆர்ட்டரி ஃபோர்செப்ஸால் குழாயைக் கவ்வி அனுப்பினேன்.

பதினொன்றரை மணிக்கு அவருடைய அம்மா ஓடி வந்தார். "தம்பிக்குக் கழுத்து வீங்கினாப்புல இருக்குதுங்க சார். தொட்டா நறநறங்குது." போய்ப் பார்த்தால் உட்கார்ந்தபடி மூச்சுக்குத் தவிக்கிறார். நாடி 130, ஆக்சிஜன் அளவு 86. கழுத்திலும் மார்பிலும் தோலுக்கடியில் காற்று. ஃபோர்செப்ஸ் இன்னும் குழாயைக் கவ்விக்கொண்டே இருந்தது. பதறி எடுத்தேன். பாட்டில் அசையவில்லை. அந்த விநாடியில் எனக்குக் கைகால் ஓடவில்லை. ஏனென்றால் நான் நம்பியிருந்த கணக்குப்படி, கவ்வியை எடுத்ததும் காற்று பீறிட வேண்டும்.

வார்டு சிஸ்டர் என்னை ஒதுக்கிவிட்டு டிரெஸ்ஸிங்கைப் பிரித்தார். தோலை ஒட்டி, டைனாபிளாஸ்ட்டுக்கு அடியில், குழாய் இரண்டாக மடிந்து கிடந்தது. நிமிர்த்தினார். பாட்டில் தண்ணீர் மூடிவரைக்கும் தெறித்துக் குமிழ் விட்டது. பத்து நிமிஷத்தில் ஆக்சிஜன் 94க்கு வந்தது. பிறகுதான் எக்ஸ்-ரே படம் கைக்கு வந்தது: வலது நுரையீரல் பாதி சுருங்கிக் கிடந்தது.

அன்று எல்லோரும் ஃபோர்செப்ஸைத்தான் திட்டினார்கள். நானும் அதையே நம்பினேன். யோசித்துப் பார்த்தபோதுதான் வேறு புரிந்தது. கவ்வி போட்டது காலையில். நெஞ்சு அமுக்கியது ராத்திரியிலிருந்து. கவ்வி செய்யும் வேலையை அந்த மடிப்பு முந்தின நாள் சாயந்திரத்திலிருந்தே செய்துகொண்டிருந்தது. முந்தின நாள் சாயந்திரம் டிரெஸ்ஸிங் மாற்றிப் பிளாஸ்டர் ஒட்டியது நான். ஒட்டி முடித்ததும் குனிந்து ஒரு தடவை பாட்டிலைப் பார்த்திருந்தால், ஆட்டம் அந்த நிமிஷமே நின்றது தெரிந்திருக்கும்.

ஆட்டம் என்றால் என்ன என்பதைப் பார்த்துவிட்டால் என் வாதம் பாதி முடிந்துவிடும். நெஞ்சுக்கூட்டுக்கும் நுரையீரலுக்கும் நடுவில் அழுத்தம் எப்போதும் வெளிக்காற்றைவிடக் கொஞ்சம் குறைவு. அமைதியாக மூச்சு விடுகிறவருக்கு, மூச்சை விட்ட முடிவில் சுமார் 5 சென்டிமீட்டர் தண்ணீர் அளவுக்குக் குறைவாகவும், இழுத்த முடிவில் சுமார் 8 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைவாகவும் இருக்கும். அந்தக் குறைவுதான் குச்சிக்குழலில் தண்ணீரை மேலே இழுத்து வைத்திருக்கிறது. அந்த இரண்டு எண்களின் வித்தியாசம்தான் ஆட்டமாகத் தெரிகிறது. இழுக்கும்போது ஏறும், விடும்போது இறங்கும். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு எந்திரம் காற்றை உள்ளே தள்ளுவதால் இது தலைகீழ்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த அழுத்த ஏற்ற இறக்கம் நோயால் வருவது அல்ல. ஆரோக்கியமான நெஞ்சிலும் உண்டு. ஆகவே குழாய் திறந்திருந்து, அதன் கண்கள் அந்த இடைவெளியோடு தொடர்பில் இருக்கும்வரை, நுரையீரல் விரிந்த பிறகும் தண்ணீர் சின்னதாக ஆடவே செய்யும். ஆட்டம் சொல்லும் முதல் செய்தி நுரையீரலைப் பற்றியது அல்ல, குழாயைப் பற்றியது: வழி திறந்திருக்கிறது. நுரையீரலில் ஓட்டை இருக்கிறதா என்ற செய்தியைக் குமிழ்தான் சொல்லும். அதுவும் வழி திறந்திருந்தால் மட்டுமே சொல்லும். ஃபோன் இணைப்பு அறுந்த பிறகு எதிர்முனையில் சத்தம் இல்லை என்பதை வைத்து, வீட்டில் எல்லோரும் நலம் என்று முடிவு செய்வோமா?

அதனால் என்னைக் கேட்டால், ஆடாத குமிழாத பாட்டிலைவிட, ஆடிக்கொண்டே குமிழாமல் இருக்கும் பாட்டில்தான் நம்பகமானது. வழி திறந்திருக்கிறது என்பதற்கு ஆட்டம் சாட்சி. திறந்த வழியில் காற்று வரவில்லை என்பதற்குக் குமிழின்மை சாட்சி. முழு அமைதியில் ஒரு சாட்சியும் இல்லை. ஆனால் வார்டில் நடப்பது நேர்மாறு. இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆட்டம் இருக்கிறது என்பதற்காகவே, எடுக்க வேண்டிய குழாயை நாலு நாள் கூடுதலாக வைத்திருக்கிறோம். ஒன்றுமே அசையாத குழாயைச் சந்தோஷமாக உருவுகிறோம்.

ஆட்டத்தின் அளவிலும் செய்தி உண்டு. பெரிய ஆட்டத்தைப் பார்த்து "நல்லா ஒர்க் பண்ணுது" என்பார்கள். குழாய் வேலை செய்கிறது என்பது சரி. ஆனால் தண்ணீர் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் ஏறி இறங்கினால் அந்த மனிதர் மூச்சுக்கு அவ்வளவு சிரமப்படுகிறார், அல்லது உள்ளே இன்னும் பெரிய வெற்றிடம் இருக்கிறது, நுரையீரல் விரியாமல் விறைத்துக் கிடக்கிறது என்று பொருள். நாளுக்கு நாள் ஆட்டம் 10, 6, 3 என்று படிப்படியாகக் குறைந்தால் நுரையீரல் விரிந்துவருகிறது என்று நம்பலாம். நேற்று 6 இருந்து இன்று திடீரென்று பூஜ்யம் என்றால் நான் முதலில் குழாயைத்தான் சந்தேகப்படுவேன். ஆறுகிற புண் ஒரே ராத்திரியில் ஆறிவிடுவதில்லை.

அமைதி பொய்யாக வரும் வழிகளில் மடிப்பும், உள்ளே உறைந்த ரத்தமோ நார்ப்படிவமோ அடைப்பதும் எல்லோருக்கும் தெரிந்தவை. அவ்வளவாகப் பேசப்படாத வேறு இரண்டைச் சொல்ல வேண்டும்.

ஒன்று, தண்ணீரின் ஆழம். குச்சிக்குழலின் முனை தண்ணீருக்குள் 2 சென்டிமீட்டர் மூழ்கியிருக்க வேண்டும் என்பது விதி. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் கோட்ஹார்ட் பூலாவ் 1875-இல் சீழ் வடிக்க இப்படி ஒரு மூடிய முறையைக் கையாண்டு, 1891-இல் அதைப் பற்றி எழுதினார். நூற்றைம்பது வருஷமாகத் தத்துவம் மாறவில்லை: காற்று வெளியே போகலாம், உள்ளே வரக் கூடாது. 2 சென்டிமீட்டர் என்றால், வெளியேறும் காற்று 2 சென்டிமீட்டர் தண்ணீரைத் தள்ளினால் போதும். இப்போது நம் ஒற்றைப் பாட்டிலை நினைத்துப் பாருங்கள். நெஞ்சிலிருந்து வடியும் நீரும் அதே பாட்டிலில்தான் விழுகிறது. இரண்டு நாளில் மட்டம் உயர்ந்து குழல் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கிறது. கசிவு சின்னதாக இருந்தால் அந்தக் காற்றால் இனி 10 சென்டிமீட்டர் தண்ணீரைத் தள்ள முடியாது. குமிழ் நின்றுவிடும், கசிவு நிற்காது. "லீக் நின்னுடுச்சு" என்று எழுதிவைத்த எத்தனையோ குறிப்புகளுக்குப் பின்னால் மாற்றப்படாத பாட்டில் ஒன்று இருந்திருக்கும் என்பது என் சந்தேகம்.

இன்னொன்று, தொங்கல். படுக்கை ஓரத்திலிருந்து குழாய் ஊஞ்சல் கயிறுபோலத் தொய்ந்து, தரைக்கு வந்து, மறுபடி மேலேறிப் பாட்டிலுக்குள் போகும். அந்தத் தொய்வில் நெஞ்சு நீர் தேங்கிவிட்டால், பாட்டிலுக்குள் இருப்பது போக இன்னொரு தண்ணீர்ப்பூட்டு இலவசமாகக் கிடைக்கிறது. அந்தத் தேக்கத்தைத் தாண்டித்தான் காற்று போக வேண்டும். தொய்வைத் தூக்கி வடித்துவிட்டால் ஆட்டம் திரும்பி வருவதைக் கண்ணால் பார்க்கலாம். உடனே பாட்டிலை உயர்த்திவிடாதீர்கள். ஒரு பாட்டி தன் பேரனின் பாட்டிலை லாந்தர் விளக்குபோல நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி கக்கூஸுக்கு அழைத்துப் போனதைப் பார்த்து நான் வராந்தாவில் ஓடியிருக்கிறேன். பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழே இருக்க வேண்டும். இல்லையென்றால் அழுக்குத் தண்ணீர் உள்ளே திரும்பும்.

பாட்டில் மூடியில் காற்று வெளியேற இருக்கும் இன்னொரு துளையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாடை வருகிறது என்று யாராவது பிளாஸ்டர் ஒட்டிவிடுவார்கள். சுவர் சக்ஷனை அணைத்துவிட்டு அந்த ரப்பரைக் கழற்றாமல் விட்டாலும் அதே கதைதான். போக வழியில்லாத காற்று குமிழ் விடாது. சக்ஷன் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆட்டமும் தெரியாது. பார்க்க வேண்டுமானால் ரப்பரைக் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும்.

ஆக, அமைதியான பாட்டிலை என்ன செய்வது? நோயாளியை உட்காரவைத்து, ஆழமாக மூச்சு இழுக்கச் சொல்லி, பிறகு பலமாக இரண்டு தடவை இருமச் சொல்லுங்கள். கண் நோயாளியின் முகத்தில் அல்ல, குச்சிக்குழலில் இருக்க வேண்டும். குழாய் திறந்திருந்தால் சாதாரண மூச்சுக்கு ஆடாத தண்ணீர்கூட இருமலுக்குத் துள்ளும். துள்ளவில்லையென்றால் விரலால் தோலிலிருந்து பாட்டில்வரை குழாயைத் தடவிக்கொண்டே வர வேண்டும். டிரெஸ்ஸிங்கைப் பிரித்தும் பார்க்க வேண்டும். அது எனக்குக் கிடைத்த பாடம். அதன் பிறகும் அசையவில்லை என்றால் எக்ஸ்-ரே. நுரையீரல் முழுசாக விரிந்திருந்தால், அப்போது அந்த அமைதி உண்மையான அமைதி; எடுத்துவிடலாம். விரியவில்லை என்றால் அது செத்த குழாய். அதையும் எடுக்கத்தான் வேண்டும், ஆனால் குணமாகிவிட்டது என்பதற்காக அல்ல. வேறு குழாய் போடுவதற்காக.

ஒரு மறுப்பு வரும், தெரியும். அறுபது படுக்கைக்கு இரண்டு சிஸ்டர் இருக்கும் வார்டில் இதற்கெல்லாம் நேரம் எங்கே? இரண்டு இருமலுக்கு அரை நிமிஷம் ஆகும். அன்று என் அரை நிமிஷச் சிக்கனத்துக்கு, இரண்டு டாக்டரும் ஒரு சிஸ்டரும் ஒரு மத்தியானம் முழுக்க அந்த ஒரு படுக்கையைவிட்டு நகரவில்லை.

குமிழ் விஷயத்தில் பயம் எதிர்த்திசையில் ஓடுகிறது. குமிழ் விட்டாலே ஏதோ கெட்டது நடக்கிறது என்று சொந்தக்காரர்கள் பதறுகிறார்கள். சில சமயம் நாங்களும். நெஞ்சில் சேர்ந்த காற்றை எடுக்கத்தான் குழாய் போட்டோம், அது வெளியே வருகிறது. பதற என்ன இருக்கிறது? ஆனால் அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் விடக் கூடாது. குழாயும் ரப்பரும் சேரும் இடம் தளர்ந்திருந்தாலோ, குழாயின் பக்கவாட்டுக் கண் தோலுக்கு வெளியே நழுவி வந்திருந்தாலோ அறைக்காற்றே உள்ளே இழுக்கப்பட்டுக் குமிழாக வரும். நுரையீரல் என்றோ ஆறியிருக்கும். நாமோ ஓட்டை ஆறவில்லை என்று ஆபரேஷனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருப்போம். இதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது: தோலுக்கு அருகே குழாயை ஒரு சில விநாடி மட்டும் கவ்விப் பாருங்கள். குமிழ் நின்றால் காற்று நெஞ்சுப் பக்கத்திலிருந்து வருகிறது; நிற்கவில்லையென்றால் கவ்விக்கும் பாட்டிலுக்கும் நடுவில் எங்கேயோ பொத்தல். பக்கக் கண் வெளியே வந்துவிட்டதா என்பதை டிரெஸ்ஸிங்கைப் பிரித்துப் பார்த்தால் தெரியும். எக்ஸ்-ரேயில் குழாயின் வெள்ளைக் கோடு அறுபடும் இடம்தான் அந்தக் கண், அது விலாவுக்கு உள்ளே இருக்க வேண்டும்.

இந்தச் சில விநாடிக் கவ்வலுக்கும், எக்ஸ்-ரேவுக்கு அனுப்பும்போது 'பாதுகாப்புக்கு' கவ்வி அனுப்புவதற்கும் உள்ள தூரம் பெரியது. இந்தப் பழக்கமும் அதே தவறான எண்ணத்தின் பிள்ளைதான்: குழாய் என்பது உடம்பில் நாம் போட்ட ஓட்டை, அதை அடைத்து வைத்தால் பாதுகாப்பு என்ற எண்ணம். கணக்குப் போட்டுப் பாருங்கள். கசிவு நிமிஷத்துக்கு 50 மில்லிதான் என்று வைத்துக்கொள்வோம். கீழ்த்தளத்து எக்ஸ்-ரே வரிசையில் அரை மணி நேரம். ஒன்றரை லிட்டர் காற்று போக வழியின்றி உள்ளே நிற்கும். அது நுரையீரலை மட்டும் அல்ல, இதயத்தையும் எதிர்ப்பக்கம் தள்ளும். பிரிட்டிஷ் தொராசிக் சொசைட்டியின் 2010 வழிகாட்டுதல் இதில் வழவழவென்று பேசவில்லை: குமிழ் விடும் குழாயை ஒருபோதும் கவ்வக் கூடாது. பாட்டிலை நெஞ்சுக்குக் கீழே, நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு போனால் போதும்.

சரி, பாட்டில் உடைந்துவிட்டால்? அப்போதும் குமிழ் விட்டுக்கொண்டிருந்த குழாய் என்றால் என் கை ஃபோர்செப்ஸுக்குப் போகாது. குழாய் முனையை ஒரு சலைன் பாட்டிலிலோ சுத்தமான தண்ணீருள்ள பாத்திரத்திலோ 2 சென்டிமீட்டர் அமிழ்த்திவிட்டுப் புதுப் பாட்டிலைக் கொண்டுவரச் சொல்வேன். கவ்விக்கு நியாயமான வேலை வேறு இடத்தில் உண்டு. காற்றே இல்லாமல் நீர் மட்டும் நிறைந்த நெஞ்சில் குழாய் போட்டால், முதல் வீச்சில் ஒன்றரை லிட்டர் வடிந்ததும் கவ்வி நிறுத்துவோம். ரொம்ப நாள் சுருங்கிக் கிடந்த நுரையீரல் சட்டென்று விரிந்தால் அதற்குள்ளேயே நீர் கோத்துக்கொள்ளும். அங்கே கசியும் காற்று இல்லை, ஆகவே கவ்வினால் ஆபத்தில்லை. கவ்வி நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கே இடமில்லை. உள்ளே காற்று ஊறிக்கொண்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

எடுப்பதற்கு முன் சோதனைக்காகக் கவ்விப் பார்ப்பது பற்றி மட்டும் நான் சண்டைக்கு வரமாட்டேன். வல்லுநர்களே இரண்டு பட்டிருக்கிறார்கள். அமெரிக்க நெஞ்சுநோய் மருத்துவர் கல்லூரி 2001-இல் வெளியிட்ட ஒருமித்த கருத்துரையிலேயே குழுவில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள் ஒருபோதும் கவ்வ மாட்டோம் என்றார்கள். மற்றவர்கள் கடைசிக் கசிவுக்குச் சில மணி நேரம் கழித்துக் கவ்விப் பார்ப்போம் என்றார்கள். கவ்வுகிறவர் செய்யட்டும். ஆனால் மூச்சு வாங்கினாலோ, தோலுக்கடியில் நறநறத்தாலோ அதே விநாடியில் கவ்வியை எடுக்கத் தெரிந்த ஒருவர் படுக்கைப் பக்கத்தில் இருக்க வேண்டும். எக்ஸ்-ரே வரிசை அதற்கான இடம் இல்லை.

என் விசைத்தறி நோயாளிக்கு வருகிறேன். மடிப்பை நிமிர்த்திய பிறகு அவருக்கு இன்னும் ஏழு நாள் குமிழ் விட்டது. காசநோய் தின்ற நுரையீரல் நிதானமாகத்தான் ஆறும். இப்போது ஒவ்வொரு நாளும் காலையும் மாலையும் நான் எழுதியது மூன்று விஷயம்: ஆட்டம் எத்தனை சென்டிமீட்டர், குமிழ் எப்போது (சும்மா மூச்சுக்கா, இருமலுக்கு மட்டுமா), வடிந்தது எவ்வளவு, என்ன நிறம். எட்டாம் நாள் ஆட்டம் 6, மூச்சை விடும்போதெல்லாம் குமிழ். பத்தாம் நாள் ஆட்டம் 4, இருமினால் மட்டும். பன்னிரண்டாம் நாள் மாலை இருமலுக்கும் குமிழ் இல்லை; ஆட்டம் 3. அன்றைக்கே எடுக்கவில்லை. பாட்டிலை மாற்றி, குழல் முனை 2 சென்டிமீட்டரில் இருப்பதை அளந்து வைத்துவிட்டு, ஒரு நாள் முழுக்கப் பார்த்தோம். மறுநாளும் இருமலுக்குத் தண்ணீர் துள்ளியது, குமிழ் ஒன்றுகூட இல்லை. 24 மணி நேரத்தில் வடிந்தது 40 மில்லி, வைக்கோல் நிறத்தில் தெளிவாக. காற்றுக்காகப் போட்ட குழாய்க்கு இந்த அளவு ஒரு பொருட்டே இல்லை. நீருக்காகப் போட்ட குழாய் என்றால்கூட, சீழோ ரத்தமோ இல்லாமல் நாளுக்கு 200 மில்லிக்குள் வந்துவிட்டால் பெரும்பாலோர் எடுத்துவிடுவார்கள். எக்ஸ்-ரேயில், கவ்வாமல் எடுத்த எக்ஸ்-ரேயில், வலது நுரையீரல் ஓரம்வரை விரிந்திருந்தது.

எடுப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் வலி மருந்து கொடுத்தோம். மூச்சை இழுத்து நிறுத்தி உருவ வேண்டுமா, விட்டு நிறுத்தி உருவ வேண்டுமா என்று அப்போதெல்லாம் எங்கள் யூனிட்டில் சூடான வாக்குவாதம் நடக்கும். 2001-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில் இரண்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் தெரியவில்லை. முக்கியமானது வேறு: உருவும் அந்த விநாடியில் அவர் மூச்சை உள்ளே இழுக்கக் கூடாது; இழுத்தால் துளை வழியே அறைக்காற்று போய்விடும். ஆகவே வாயை மூடி முக்கி நிறுத்துவதை மூன்று தடவை ஒத்திகை பார்த்தோம். தையல் நூலைச் சிஸ்டர் பிடித்துக்கொண்டார், உருவுவது நான்.

மூன்றாவது ஒத்திகை முடிந்தபோது அவர் குனிந்து பாட்டிலைப் பார்த்தார். பதிமூன்று நாளில் பக்கத்துப் படுக்கைக்காரர்களிடம் பாடம் கேட்டிருந்தார் போல.

"சார், இது இன்னும் ஆடிக்கிட்டுத்தான இருக்குதுங்க? நின்னாத்தான் எடுப்பாங்கன்னு சொன்னாங்களே?"

"ஆடறதாலதாங்க தைரியமா எடுக்கிறோம்" என்றேன். அவருக்கு நம்பிக்கை வந்ததாகத் தெரியவில்லை. சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் தலையாட்டிய பிறகுதான் கன்னத்தை உப்பிக்கொண்டு முக்கினார்.